பத்து நிமிடம் தேடி ஒரே ஒரு முதல் வரி: 40 மெயிலுக்கு இரண்டு பதில், கட்டுபடியாகுமா?

மார்க்கர் மேசை, திருப்பூர் | 2 செப்டம்பர் 2025, இரவு 10:40

எங்களுடையது 60 மெஷின் யூனிட். குழந்தைகள் பின்னலாடை மட்டும்தான். ஆகஸ்ட் முதல் வாரம் அமெரிக்காவில் 25% வரி வந்தபோதே எங்கள் பையர் அடுத்த சீசன் ஆர்டரைத் தள்ளிப்போட்டார். 27ஆம் தேதி அது 50% ஆனதும் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். முதலாளி பிரிட்டனில் சின்ன பிராண்டுகளைப் பிடி என்கிறார். முன்பின் தெரியாதவர்களுக்கு மெயில் எழுதும் வேலை என் தலையில்.

ஒவ்வொரு பிராண்டுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, அவர்களைப் பற்றித் தேடி, அவர்களுக்கே உரிய ஒரு முதல் வரி எழுதுகிறேன். மற்றதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். மூன்று வாரத்தில் 40 மெயில், இரண்டு பதில். அதிலும் ஒன்று 'எங்களை லிஸ்டிலிருந்து எடுங்கள்'. முதலாளி லிஸ்ட் வாங்கி ஒரே நாளில் ஆயிரம் அனுப்பு என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் அவரிடம் சொல்ல என்னிடம் கணக்கும் இல்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஓஎம்ஆர் சேல்ஸ் | 2 செப்டம்பர், 11:05

மென்பொருள் விற்பவன், தினமும் இதுதான் வேலை. போனில் மெயில்பெட்டியைத் திறந்தால் சப்ஜெக்டுக்குக் கீழே மெயிலின் முதல் சில சொற்கள் மங்கலாகத் தெரியும் இல்லையா? அந்த இடத்துக்காகத்தான் முதல் வரி. நீங்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தால் அந்த இடம் வீண்.

என் வழி சுலபம். அவர் பெயர், அவர் கடைசியாகப் போட்ட பதிவு, 'மிகவும் ரசித்தேன்'. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும், பத்து எதற்கு? குழந்தை பிராண்டு நடத்துகிறவர் என்றால் இன்ஸ்டாகிராமில் அவர் பிள்ளையின் பிறந்தநாள் படம் இருக்கும். அதை வைத்து ஆரம்பியுங்கள், பதில் கட்டாயம் வரும்.

லெஸ்டர்வாசி | 3 செப்டம்பர், அதிகாலை 2:15

பிறந்தநாள் யோசனையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். நான் இங்கே ஒரு சிறிய துணி பிராண்டில் கொள்முதல் பார்க்கிறேன். பிள்ளை படத்தைக் குறிப்பிட்டு ஒரு மெயில் வந்தபோது எங்கள் நிறுவனர் பதில் போடவில்லை, கணக்கைப் பூட்டிவிட்டார். அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், பாவம்.

'ரசித்தேன்' வகையும் காலையில் நாலு வரும். இப்போது புதிதாக இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தம். ஜூலையில் கையெழுத்தானதிலிருந்து எனக்கு வரும் பாதி மெயில் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது. சேதி உண்மைதான். ஆனால் அதில் என் கம்பெனி எங்கே இருக்கிறது?

கேள்வி மட்டும் | 3 செப்டம்பர், காலை 8:20

வேலைக்கு விண்ணப்பம் போடும்போதும் இப்படிக் கம்பெனியைப் பாராட்டி ஒரு வரி எழுதணுமா? என் பையன் 60 இடத்துக்கு ஒரே கடிதம்தான் அனுப்பினான்.

மார்க்கர் மேசை | 3 செப்டம்பர், 9:00

இது ஆர்டர் கேட்டு எழுதுகிற மெயில் சார், வேலைக்கு இல்லை. ஆனால் 60க்கு எத்தனை பதில் வந்தது என்று சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

பழைய பையிங் ஹவுஸ் | 3 செப்டம்பர், மதியம் 1:30

பதினெட்டு வருடம் பையிங் ஹவுஸில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். தம்பி, நீங்கள் எழுதிய 40 வரியில் இரண்டை இங்கே போடுங்கள். வரியைப் பார்க்காமல் நிமிடத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மார்க்கர் மேசை | 3 செப்டம்பர், இரவு 9:50

போடுகிறேன் அக்கா. ஆங்கிலத்தில் போனதைத் தமிழில் தருகிறேன்.

ஒன்று: 'இயற்கைப் பருத்திமீது உங்களுக்கு இருக்கும் பற்று எங்களைக் கவர்ந்தது.'

இரண்டு: 'உங்கள் புதிய இலையுதிர்காலத் தொகுப்பின் வண்ணங்கள் அருமை.'

இங்கே டைப் அடிக்கும்போதே தெரிகிறது. பத்து நிமிடம் தேடினேன் என்பது நிஜம். தேடியது எதுவும் வரியில் இல்லை.

பழைய பையிங் ஹவுஸ் | 3 செப்டம்பர், 10:30

அதேதான். முதல் வரியை இயற்கைப் பருத்தி விற்கும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான்: பெயரை மாற்றிப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினால் வரி பொய்யாக வேண்டும். பொய்யாகாவிட்டால் அது உங்கள் வரி இல்லை, ஊர் வரி.

இன்னொன்று. நீங்கள் முகப்புப் பக்கத்தையும் 'எங்கள் கதை' பக்கத்தையும் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது அவர்கள் வாங்க வருகிறவருக்காக எழுதியது. நீங்கள் தைக்கிறவர். ஒரு பொருளின் பக்கத்துக்குப் போங்கள். துணி என்ன கலவை, எந்த அளவு முதல் எந்த அளவு வரை, எந்த அளவு தீர்ந்துவிட்டது, எங்கே தைத்தது. ஒரு லெக்கிங்ஸைப் பார்த்தால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது சென்னையில் மென்பொருள் விற்பவருக்குத் தெரியாது. அந்தக் கண்ணால் எழுதுங்கள்.

ஓஎம்ஆர் சேல்ஸ் | 3 செப்டம்பர், 10:41

அக்கா, இங்கேதான் இருக்கிறேன்.

மார்க்கர் மேசை | 5 செப்டம்பர், இரவு 11:20

அக்கா சொன்னபடி ஒரு பிராண்டை எடுத்து உட்கார்ந்தேன். தென்மேற்கு இங்கிலாந்தில் குழந்தை உடை, இரண்டு பேர் சேர்ந்து நடத்துவது. பெயர் வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கடுகு மஞ்சள் ரிப் லெக்கிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். 95 பருத்தி, 5 எலாஸ்டேன். இயற்கை இழைத் துணிக்கான சான்றான ஜிஓடிஎஸ் சின்னத்துக்குக் கீழே சான்றளித்தவர் பெயரும் லைசென்ஸ் எண்ணும். அளவு 0-3 மாதம் முதல் 9-10 வயது வரை. 7-8ம் 9-10ம் தீர்ந்துவிட்டது. விலை எல்லா அளவுக்கும் ஒன்றே.

இதற்கு மூன்று நிமிடம். அப்புறம் அதே பக்கத்தின் முகவரியை web.archive.org தளத்தில் போட்டுப் பழைய பிரதியைப் பார்த்தேன். அதில் அளவு 5-6 வயதோடு நிற்கிறது! ஆக, பெரிய பிள்ளைகளுக்கும் என்று நீட்டியிருக்கிறார்கள். இது என் கண்ணில் பட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாக பிரிட்டிஷ் கம்பெனி பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளம். இலவசம்தான். அங்கே கடைசிக் கணக்கைப் பார்த்தால் ஆட்கள் 4 பேர், கையிருப்புச் சரக்கின் மதிப்பு முந்தைய வருடத்தைவிட நன்றாகக் கூடியிருக்கிறது.

நான் எழுதிய வரி: 'சென்ற கோடையில் 9-10 வயது வரை நீட்டிய உங்கள் ரிப் லெக்கிங்ஸ் பெரிய அளவுகளில் வேகமாக விற்றுத் தீர்ந்திருக்கிறது. ஆனால் எல்லா அளவுக்கும் ஒரே விலை வைப்பதால் அதில் உங்களுக்கு லாபம் குறையும்.'

நேரம் பத்து நிமிடம் இல்லை, 45. இன்னும் அனுப்பவில்லை.

லெஸ்டர்வாசி | 6 செப்டம்பர், அதிகாலை 1:50

நல்லவேளை அனுப்பவில்லை. வாங்குகிறவன் இடத்திலிருந்து படித்தால் முதல் வாக்கியத்தில் ஊகம், இரண்டாவதில் உபதேசம்.

'தீர்ந்துவிட்டது' என்றால் விற்றுவிட்டது என்றுதான் எப்படிச் சொல்கிறீர்கள்? புது அளவில் நாங்கள் 20, 25 பீஸ்தான் பரீட்சார்த்தமாக வாங்குவோம். தாமதமான சரக்கும் அந்தப் பக்கத்தில் 'தீர்ந்துவிட்டது' என்றுதான் தெரியும். இனி வேண்டாம் என்று நிறுத்தியதும் அப்படித்தான். மூன்றும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் நல்ல சேதியாக நினைத்து வாழ்த்தினால், அது எங்கள் தலைவலியாக இருக்கலாம்.

லாபம் குறையும் என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால் சரியாகவே இருந்தாலும் எரிச்சல் வரும். 9-10க்கு 1-2ஐவிட எவ்வளவு துணி கூட என்று எங்களுக்கும் தெரியும். விகிதம் பார்த்து சராசரி போட்டுத்தான் விலை வைக்கிறோம்.

பழைய பையிங் ஹவுஸ் | 6 செப்டம்பர், காலை 10:15

லெஸ்டர் தம்பி சொல்வது சரி, ஒன்றைத் தவிர. விலையைத் தொடவே கூடாது என்றில்லை. இரண்டாவது மூன்றாவது மெயிலில், அவர்கள் காஸ்டிங் கேட்கும்போது, அளவு விகிதம் மாறினால் துணி எவ்வளவு மாறும் என்று தாளில் போட்டுக் கொடுங்கள். அங்கே அது உதவி, முதல் வரியில் அது குற்றச்சாட்டு.

மார்க்கர் தம்பிக்கு: பார்த்ததைச் சொல்லுங்கள், ஊகித்ததைக் கேளுங்கள். அளவு நீண்டிருப்பது நீங்கள் பார்த்தது. எதனால், என்ன ஆயிற்று என்பது ஊகம், அதற்குக் கேள்விக்குறி போட வேண்டும்.

கம்பெனீஸ் ஹவுஸில் பார்த்த கையிருப்புக் கணக்கை வரியில் போடாமல் விட்டீர்களே, அது நல்லது. எழுதலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய அது போதும். பொதுவில் இருக்கும் கணக்குதான், ஆனாலும் முதல் வரியில் வந்தால் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

பொள்ளாச்சி நார் | 6 செப்டம்பர், மதியம் 12:40

நான் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி நெதர்லாந்துக்கு அனுப்புகிறவன். பசுமைக்குடில் விவசாயி ஒருவர் தளத்தில் ஸ்ட்ராபெரி படம் பார்த்து, 'உங்கள் ஸ்ட்ராபெரிக்குக் கால்சியம் நைட்ரேட்டில் பஃபர் பண்ணிய நார் தேவைப்படுமே' என்று எழுதினேன். அவர் பதில்: 'ஸ்ட்ராபெரியை விட்டு மூன்று வருடமாகிறது, இப்போது மிளகாய்.' இணையதளத்தை மாற்றவே இல்லை அந்த மனுஷன். ஆனால் பதில் போட்டார் பாருங்கள்! தப்பாக இருந்தாலும் குறிப்பாக இருந்தால் பதில் வருகிறதோ?

லெஸ்டர்வாசி | 6 செப்டம்பர், மாலை 5:05

திருத்தச் சிலருக்குக் கை அரிக்கும், உண்மை. அதை நம்பி வேண்டுமென்றே தப்பாக எழுத ஆரம்பித்துவிடாதீர்கள்.

மார்க்கர் மேசை | 6 செப்டம்பர், இரவு 10:00

ஒரு திருத்தம், என்னுடையதுதான். 'சென்ற கோடையில்' என்று எழுதியிருந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்குப் பழைய பிரதி இரண்டுதான் இருக்கிறது. 2024 நவம்பரில் 5-6 வரை, 2025 ஏப்ரலில் 9-10 வரை. நடுவில் எப்போது மாறியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கோடை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அனுப்பியிருந்தால் முதல் இரண்டு சொல்லே தப்பு.

இன்னொரு கேள்வி. அந்த ஜிஓடிஎஸ் லைசென்ஸ் எண்ணை அவர்களுடைய பொதுத் தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். வந்தது எங்கள் ரோட்டிலேயே இருக்கும் ஒரு யூனிட்! இதை வரியில் பயன்படுத்தலாமா? 'உங்கள் இப்போதைய சப்ளையரிடமிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறோம்' என்று.

பழைய பையிங் ஹவுஸ் | 6 செப்டம்பர், 10:25

வேண்டாம். முதலில், அந்த எண் தைத்தவருடையதாகவும் இருக்கலாம், சான்று வைத்திருக்கும் வேறு ஒருவருடையதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சான்று பெற்ற கை யாருடையது என்பதைத்தான் அது காட்டும். அந்த லெக்கிங்ஸை அவர்தான் தைத்தார் என்பதற்கு அது ஒன்றே போதாது.

அப்புறம், அது அவர்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரே டீக்கடையில் நிற்கப் போகிறீர்கள். பிராண்டு அந்த மெயிலை அப்படியே அவருக்கு அனுப்பி விலையைக் குறை என்று கேட்கும். நான் பையிங் ஹவுஸில் இருந்தபோது அதைத்தான் செய்வோம், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தகவலால் வேறு பயன் உண்டு. அவர்கள் ஏற்கெனவே திருப்பூரில் வாங்குகிறார்கள். ஆகவே திருப்பூர் எங்கே இருக்கிறது, இந்தியாவில் தரம் எப்படி என்றெல்லாம் மெயிலில் விளக்க வேண்டாம். மூன்று பத்தி மிச்சம்.

மார்க்கர் மேசை | 7 செப்டம்பர், மாலை 4:30

இரண்டாவது வடிவம்: 'உங்கள் ரிப் லெக்கிங்ஸ் இப்போது 9-10 வயது வரை வருகிறது, சென்ற நவம்பரில் அட்டவணை 5-6 வரைதான் இருந்தது. பெரிய அளவுகளையும் அதே மார்க்கரில் வைத்து வெட்டுகிறார்களா, இல்லை தனி ஆர்டராகப் போகிறதா?'

அதற்கு அடுத்த வாக்கியம் எங்களைப் பற்றி: 'நாங்கள் ஒரு நிறத்துக்கு 50 கிலோ லாட்டில் சாயம் போட்டு வாங்குகிறோம், சேதாரம் சேர்த்து ஒரு பீஸுக்கு 125 கிராம் என்றால் சுமார் 400 லெக்கிங்ஸ். அதற்கு மேல் கட்டாயப்படுத்துவதில்லை.'

மார்க்கர் என்பது துணியில் எல்லா அளவையும் அடுக்கி வெட்டுவதற்கான வரைபடம். ஏன் இந்த இரண்டையும் சேர்த்தேன் என்றால், பெரிய அளவு தனி ஆர்டராகப் போனால் சின்ன எண்ணிக்கையாகத்தான் இருக்கும். சின்ன எண்ணிக்கையை யார் எடுப்பார் என்பதுதான் அவர்களுக்கு அடுத்த பிரச்சினை. கேள்வியிலிருந்து எங்கள் சரக்குக்கு ஒரே எட்டில் வர முடிகிறது. முன்பெல்லாம் பருத்திமீது பற்று என்று ஆரம்பித்து, மூன்றாம் வரியில் திடீரென்று மெஷின் எண்ணிக்கைக்குத் தாவுவேன்.

பழைய பையிங் ஹவுஸ் | 7 செப்டம்பர், 6:10

அனுப்புங்கள். 125 கிராம் எந்த அளவுக்கு என்று கேட்பார்கள். நடு அளவுக்கு என்று எழுதிவிடுங்கள். 9-10 மட்டும் என்றால் 400 வராது.

ஓஎம்ஆர் சேல்ஸ் | 8 செப்டம்பர், காலை 9:30

வரி நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 45 நிமிடத்துக்கு ஒன்று என்றால் முதலாளி கேட்பதும் நியாயம்தானே. ஆயிரம் அனுப்பினால் என்ன கெட்டுவிடும்? கூகுளின் கட்டுப்பாடெல்லாம் நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவருக்குத்தான்.

லெஸ்டர்வாசி | 9 செப்டம்பர், அதிகாலை 2:30

பாதி சரி. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளில் கடுமையான பகுதி ஜிமெயிலுக்கு நாளுக்கு 5000 அனுப்புகிறவர்களுக்கு. மெயில் நிஜமாகவே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் SPF, DKIM, DMARC மூன்றும் அவர்களுக்கு வேண்டும். ஆனால் SPF அல்லது DKIM ஏதாவது ஒன்று எல்லோருக்குமே கட்டாயம். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும்தான். ஆயிரத்துக்கு மூன்று பேர் அந்தப் பொத்தானை அமுக்கினாலே தொட்டுவிடும். அப்புறம் உங்கள் பழைய பையருக்குப் போகும் இன்வாய்ஸும் ஸ்பாமில் விழ ஆரம்பிக்கும். முதலாளிக்கு இதைச் சொல்லுங்கள், புரியும்.

சட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் லிமிடெட் கம்பெனிக்கு முன் அனுமதி இல்லாமல் எழுதலாம், நீங்கள் யார் என்பதையும் வேண்டாம் என்று சொல்ல ஒரு முகவரியையும் கொடுத்தால் போதும். தனியாள் வியாபாரிக்கு அப்படி எழுதக் கூடாது, அவர் தனிநபர் கணக்கில் வருவார். சின்ன குழந்தை பிராண்டுகளில் அந்த மாதிரி நிறைய. கம்பெனீஸ் ஹவுஸில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதற்காகவும்தான். ஜெர்மனிக்கு வியாபார மெயிலுக்கே முன் சம்மதம் வேண்டும், அங்கே இந்த வேலை வேண்டாம்.

மார்க்கர் மேசை | 12 செப்டம்பர், இரவு 11:45

இந்த வாரம் 14 பிராண்டு பார்த்தேன். 45 நிமிடம் இப்போது 12 ஆகிவிட்டது. காரணம் வேகம் இல்லை, நிறுத்தப் பழகியது. கம்பெனி பதிவு ஒரு நிமிடம். ஒரு பொருளின் பக்கம் மூன்று நிமிடம். பழைய பிரதி இரண்டு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் கையில் எதுவும் இல்லையென்றால் மூடிவிடுகிறேன். மிச்ச நேரம் எழுத. 14ல் ஐந்து இப்படி ஒன்றும் சிக்காமல் போனது.

அந்த ஐந்துக்கு என்ன செய்வது என்றுதான் குழப்பம். வரியே இல்லாமல் 'குழந்தைகள் ரிப் உடை தைக்கிறோம், நிறத்துக்கு 50 கிலோ' என்று நேராக ஆரம்பித்து அனுப்பினேன். பொய்யாக ரசிப்பதைவிட இது மேல் என்று தோன்றியது. அக்கா இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு அசம்பாவிதமும் உண்டு. பழைய மெயிலை நகலெடுத்து மாற்றும்போது, லெக்கிங்ஸே விற்காத ஒரு தொப்பி பிராண்டுக்கு 'உங்கள் ரிப் லெக்கிங்ஸ்' என்று போய்விட்டது. குறிப்பான வரி தப்பான ஆளுக்குப் போனால் பொது வரியைவிட பத்து மடங்கு அசிங்கம். இப்போது வெற்று மெயிலில் வரியை முதலில் அடித்து, அப்புறம்தான் மற்றதை ஒட்டுகிறேன்.

பழைய பையிங் ஹவுஸ் | 13 செப்டம்பர், காலை 11:00

ஒத்துக்கொள்ளவில்லைதான். ஒன்றும் சிக்காத ஐந்தை நான் எழுதியே இருக்க மாட்டேன். அவர்கள் உங்களுக்குப் பொருந்துவார்களா என்பதே தெரியவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

லெஸ்டர்வாசி | 13 செப்டம்பர், மதியம் 3:40

எனக்கு நேரான மெயில் வந்தால் படிப்பேன். நாலு வரியில் 50 கிலோ என்று எண் இருந்தால் போதும். இது ஆளைப் பொறுத்தது அக்கா.

மார்க்கர் மேசை | 15 செப்டம்பர், இரவு 8:10

கடுகு மஞ்சள்காரர்களிடமிருந்து பதில்! எட்டாம் நாள். சுருக்கம்: 'தனி ஆர்டர்தான். ஒரு தடவை போட்டோம், தைத்துக் கொடுத்தவருக்கு அந்த எண்ணிக்கை பிடிக்கவில்லை. 7-8, 9-10 இரண்டும் வரும் சீசனில் கிடையாது. 400 பீஸ் என்றீர்களே, அது அளவு கலந்தா?'

ஆக, விற்றுத் தீர்ந்தது என்று நான் முதலில் எழுதியது முழுப் பொய்யாக ஆகியிருக்கும். லெஸ்டர் அண்ணாவுக்கு ஒரு டீ.

பொள்ளாச்சி நார் | 15 செப்டம்பர், 9:25

பெரிய அளவையே நிறுத்துகிறார்கள் என்றால் ஆர்டர் இல்லை என்றுதானே அர்த்தம்?

மார்க்கர் மேசை | 15 செப்டம்பர், 9:40

இருக்கலாம். கடைசிக் கேள்விக்காக அப்படி முடிவு கட்டாமல் இருக்கிறேன். அளவு கலந்துதான், ஆனால் 7-8க்கு மேல் போனால் பீஸ் எண்ணிக்கை குறையும் என்று எழுதி, மூன்று விகிதத்துக்குக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ரிப் துணியில் ஸ்வாட்ச், அதாவது சின்ன மாதிரித் துண்டு, அனுப்பட்டுமா என்றும் கேட்டேன். முதலாளி கூரியர் காசு யார் கொடுப்பது என்கிறார்.

பழைய பையிங் ஹவுஸ் | 15 செப்டம்பர், 10:05

ஸ்வாட்ச் அனுப்பும்போது கடுகு மஞ்சளிலேயே அனுப்புங்கள். வெள்ளைத் துணி வேண்டாம்.